காணாக்கடி என்று விட்டுவிடாதீர்கள்: நாடியைப் பாருங்கள்

வண்டூர் படகுத்துறையில் ஜாலி பாய் தீவுக்குப் போகக் காத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் மலைத்தேனீ கொட்டுகிறது. ஐந்தே நிமிடத்தில் உள்ளங்கை அரிக்கிறது, வயிற்றில் தட்டுத் தட்டாகத் தடிப்பு எழும்புகிறது. உதடு வீங்கிக் குரல் கம்முகிறது, மூச்சு விட்டால் விசில் சத்தம் கேட்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி நிமிடத்துக்கு 130, அதுவும் நூல் போல மெலிந்து ஓடுகிறது.

நாடி ஏன் ஓடுகிறது?

ஒவ்வாமையில் சுரக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, உள்ளிருக்கும் நீரைத் திசுக்களுக்குள் கசியவிடுகின்றன. குழாயில் ரத்தம் குறையக் குறைய, இதயம் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறது. பயத்தில் மயங்கி விழுபவருக்குப் பெரும்பாலும் நாடி மெதுவாகும். பதற்றத்திலும் நாடி ஓடும்தான், ஆனால் தடிப்போ வீக்கமோ வராது.

தோலில் தடிப்பு மட்டும் இருந்தால் அது காணாக்கடி. அதனுடன் மூச்சிரைப்பு, தொண்டை இறுக்கம், தலைசுற்றல், விடாத வாந்தி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது அனஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை. நண்டோ இறாலோ சாப்பிட்ட பிறகும் இப்படி வரலாம். சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

ஊசி முதலில், பயணம் பிறகு

போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனை வண்டூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பிரிட்டனில் ஒவ்வாமையால் இறந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து ரிச்சர்ட் பம்ஃப்ரி 2000-ல் எழுதினார்: பூச்சிக்கடியில் மூச்சோ இதயமோ நிற்க ஆன நேரம், நடுத்தரக் கணக்கில், 15 நிமிடம், உணவில் 30. அவ்வளவு நேரத்தில் நகரம் போய்ச் சேர முடியாது. 112-ஐ அழைத்துவிட்டு, அட்ரீனலின் இருக்கிற மிக அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கே முதலில் போக வேண்டும்.

மருத்துவர் பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரீனலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவார். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் ஒன்று. அவில், செட்ரிசின் அரிப்பைத்தான் குறைக்கும். அடைபடும் தொண்டையையோ விழும் ரத்த அழுத்தத்தையோ அவை மீட்காது. மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன.

எழுப்பி நடத்தாதீர்கள்

தேனீயின் கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள். ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் மட்டும் காலை நீட்டி உட்கார வையுங்கள். கொஞ்சம் தெளிந்ததும் தானே வண்டிக்கு நடந்து வருவதாகச் சொல்வார், விடாதீர்கள். எழுந்து நின்றதும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் சட்டென்று குறைந்து, அந்த நொடியிலேயே இறந்தவர்கள் உண்டு. தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ஊசிக்குப் பின் நன்றாகத் தெரிந்தாலும், சில மணி நேரம் கழித்து எல்லாம் திரும்ப வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருக்கட்டும்.