ஜூன் வருமானம், பிப்ரவரிச் செலவு

பள்ளிச் சீருடை தைத்து விற்பவர்களுக்குக் கல்லாப்பெட்டி நிறையும் காலம் ஜூனும் ஜூலையும்தான். துணிக்கோ பிப்ரவரியிலேயே பணம் கட்டியாக வேண்டும். தையல்காரர்களுக்கு வாரக் கூலியை நிறுத்த முடியாது. இடைப்பட்ட நான்கு மாதத்தைத் தாண்டத்தான் பலர் ‘மூணு வட்டி’க்குக் கை நீட்டுகிறார்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் சின்னத் தொகையாகத் தெரியும். வருடத்துக்கு அது 36 சதவீதம்.

ஈரோடு பக்கம் ஒரு சிறு தையல் கூடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தனியார் பள்ளிகளுக்கு 1,500 செட், செட் 800 ரூபாய், மொத்தம் 12 லட்சம் விற்பனை. துணிக்கு 6 லட்சம், வெட்டு, தையல் கூலி, பட்டன், ஜிப் எல்லாம் சேர்த்து 3.3 லட்சம். மீதி 2.7 லட்சத்தில் கடை வாடகையும் மின்கட்டணமும் மாதம் 10,000 வீதம் போனால், வருடத்துக்குக் கையில் நிற்பது 1.5 லட்சம்.

இனி மாதவாரியாக எழுதிப் பாருங்கள். எல்லாவற்றையும் கடனில் நடத்தினால் பிப்ரவரி முடிவில் பாக்கி 1.1 லட்சம், மார்ச்சில் 4.8, ஏப்ரலில் 8.1, மே முடிவில் 8.7 லட்சம். ஜூனில் 2.8 ஆக இறங்கி ஜூலையில் கடன் அடைகிறது. மூணு வட்டிக் கணக்கில் இந்த ஐந்து மாதத்துக்கு 76,500 ரூபாய் வட்டி. வருடம் முழுக்க உழைத்த லாபத்தில் பாதி! லாபம் குறைவு என்று விலையை ஏற்றப் பார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த மே மாத 8.7 லட்சத்தைத்தான். அதைக் குறைத்தால் வட்டி தானே குறையும்.

அதற்கு முதல் வழி, அளவு எடுக்கும் நாளிலேயே பெற்றோரிடம் செட்டுக்கு 200 ரூபாய் முன்பணம் வாங்குவது. பள்ளி நிர்வாகத்திடம் பேசி, சுற்றறிக்கையிலேயே அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். கடைக்காரர் நேரில் கேட்டால் தயங்கும் பெற்றோர், பள்ளி சொன்னால் கட்டிவிடுவார்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் பாதிப் பாதியாக 3 லட்சம் வந்துவிடும். முன்பணம் கட்டியவர் கடைசி நேரத்தில் வேறு கடைக்குப் போவதும் குறையும்.

அடுத்தது துணி. மொத்தத்தையும் மார்ச்சிலேயே இறக்காமல், ஏப்ரல் கடைசியில் வாங்கும் 2 லட்சத்துக்கு மட்டும் 45 நாள் தவணை கேட்கலாம். பணம் ஜூன் பாதியில் கொடுத்தால் போதும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரொக்கத்துக்கு மீட்டர் 100, தவணைக்கு 103 என்று மொத்த வியாபாரி சொன்னால், அந்த மூன்று ரூபாய் ஒன்றரை மாத வட்டி. மாதத்துக்கு ரெண்டு வட்டி ஆகிறது. விலை ஒன்றாக இருந்தால்தான் தவணை லாபம்.

இந்த இரண்டும் கைகூடினால் மே முடிவில் பாக்கி 3.7 லட்சம்தான். இதற்கு வங்கியில் சி.சி. எனப்படும் ரொக்கக் கடன் கணக்கு பொருந்தும், ஏனென்றால் எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டுமே அதில் வட்டி. 12 சதவீதம் என்று வைத்தாலும் பருவம் முழுக்க ஏறத்தாழ 13,000 ரூபாய்தான். ஆனால் மார்ச்சில் அவசரமாகப் போய் நின்றால் கிடைக்காது. ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், பள்ளி ஆர்டர் கடிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். போன வருட விற்பனை முழுவதும் வங்கிக் கணக்கில் தெரிந்தால் மேலாளருக்குக் கொடுக்கத் தெம்பு வரும். ரொக்கமாகவே புரட்டியவர்களுக்கு இங்கேதான் கதவு அடைபடுகிறது.

ஜூன், ஜூலையில் கையில் புரளும் பணத்தை லாபம் என்று நினைத்து நகை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனது அடித்துக்கொள்ளும். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை வாடகைக்கான 60,000 ரூபாயை முதலில் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். அடுத்து, பிப்ரவரித் துணி முன்பணமான 1 லட்சம். அதற்கு மேல் மிஞ்சுவதுதான் வீட்டுக்கு.

இத்தனைக்குப் பிறகும் கணக்கைக் கவிழ்ப்பது தேங்கிய சரக்கு. பள்ளிச் சின்னம் தைத்த சட்டையை அந்தப் பள்ளிக்கு மட்டுமே விற்க முடியும். நிறத்தை மாற்றினால் அதுவும் போச்சு. அதனால் அளவு கொடுத்தவர்களுக்கு முழுசாகத் தைத்துவிட்டு, புதுச் சேர்க்கைக்கு வேண்டியதைத் துணியாகவே வைத்திருங்கள். தைக்காத சாம்பல் நிறத் துணி இன்னொரு பள்ளிக்கு ஆகும். சின்னத்தைத் தனியாகப் போட்டு வைத்து, விற்கும் அன்று தைத்துக் கொடுக்கலாம். ஜூலை முதல் வாரத்தில் அலமாரியைத் திறந்து, எந்த அளவில் எத்தனை தங்கியது என்று நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த பிப்ரவரியில் துணிக்கடைக்குப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்தப் பக்கம்.