கண்ணாடிப் படத்தில் தையல்காரர் எதைப் பார்க்கிறார்?

ஆன்லைனில் வாங்கிய குர்த்தியைப் போட்டுக்கொண்டு, பீரோ கண்ணாடி முன் நின்று போனில் ஒரு படம் எடுத்து, “சரியா இருக்கா?” என்று தெரிந்தவர்களுக்கு அனுப்புவது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. “நல்லா இருக்கு”, “கொஞ்சம் லூஸ்” என்று பதில் வரும். அதே படத்தை அனுபவமுள்ள தையல்காரரிடம் காட்டினால், அவர் கண் முதலில் தோளுக்குப் போகும். அங்கிருந்து மார்பு, இடுப்பு, சீட் என்று இறங்கி, கடைசியில்தான் கீழ் ஓரத்துக்கு வரும். உடுப்பு முழுவதும் தோளில்தான் தொங்குகிறது. மேலே ஒரு பிசகு இருந்தால் அது கீழே எங்காவது சுருக்கமாகவோ கோணலாகவோ வெளிப்படும். ஆகவே சுருக்கம் தெரியும் இடமே குறை இருக்கும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு குர்த்தியை வைத்து இதைப் பார்க்கலாம்.

முதலில் படம் சரியாக இருக்கட்டும்

போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், அந்தக் கைப் பக்கத்துத் தோள் மேலே ஏறும். கையும் அக்குளும் இழுபடும், அந்தப் பக்கத்து ஓரமும் உயரும். இவ்வளவும் படம் எடுத்த விதத்தால் வந்தவை, தையலில் உள்ள குறைகள் அல்ல. போனை இடுப்பு உயரத்தில் ஒரு அலமாரித் தட்டில் சாய்த்து வைத்து, டைமர் போட்டு, இரண்டு கைகளையும் இயல்பாகத் தொங்கவிட்டு நிற்பதே நல்லது. முன்பக்கம், பக்கவாட்டு, முதுகு என மூன்று படங்கள் வேண்டும். பிளாஷ் வேண்டாம், அது மடிப்புகளின் நிழலை அழித்துவிடும். பக்கத்து ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு சுருக்கமும் தெளிவாகத் தெரியும்.

போன் மிக அருகில் இருந்தால் உடம்பின் அளவு விகிதம் மாறிப்போகும். இந்த விஷயத்தில் கண்ணாடி நமக்கு உதவுகிறது. போனும் நீங்களும் கண்ணாடியிலிருந்து 5 அடி தள்ளி இருந்தால், கேமராவுக்கு உங்கள் உருவம் 10 அடி தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். முழு உடுப்பையும் பார்க்க அந்தத் தூரம் போதும். கண்ணாடி மட்டும் சுவரில் நேராக இருக்க வேண்டும். சாய்த்து வைத்த கண்ணாடியில் உங்களைக் கீழிருந்து பார்ப்பதுபோல் படம் விழும், கால்கள் நீண்டு தெரியும்.

அளவு தெரியட்டும் என்று இஞ்ச் டேப்பைக் கண்ணாடியில் ஒட்டுகிறவர்களும் உண்டு. அது தவறான கணக்கைத் தரும். போனும் நீங்களும் ஒரே தூரத்தில் இருக்கும்போது, கண்ணாடிப் பரப்பில் உங்கள் உருவம் பாதி அளவில்தான் விழுகிறது. அங்கே ஒட்டிய டேப்பின் 1 அங்குலம் உங்கள் உடம்பின் 2 அங்குலத்தை மறைக்கும். டேப்பை உங்கள் தோளில் ஊசி குத்தித் தொங்கவிட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

தோள் தையல்

கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோளின் முனையில் ஒரு சிறு குழி விழும். கையும் தோளும் சேரும் இடம் அது. சாதாரண வெட்டுள்ள உடுப்பில் கைத் தையலின் உச்சி அந்த முனையில் உட்கார வேண்டும். தையலை வேண்டுமென்றே கையில் இறக்கி வைக்கும் டிராப் ஷோல்டர் மாடலுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

தோள் அகலம் அதிகமாக இருந்தால் தையல் முனையைத் தாண்டி மேல்கையில் இறங்கும். அதற்குக் கீழே துணி பள்ளமாக விழும், அக்குள் ஓரமாக மார்பில் நெட்டுக்குத்தாக ஒரு தொளதொளத்த மடிப்பு நிற்கும். அகலம் குறைவாக இருந்தால் தையல் கழுத்துப் பக்கம் ஏறிவிடும், மேல்கையின் குறுக்கே விறைப்பான கோடுகள் ஓடும்.

அகலம் சரியாக இருந்தும் சில படங்களில் கழுத்தோரத்திலிருந்து அக்குள் நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு இறங்கும். உடம்பின் தோள் உடுப்பின் தோளைவிடச் சரிந்திருக்கிறது என்று அர்த்தம். பலருக்கு ஒரு தோள் மட்டும் சற்றுத் தாழ்ந்திருக்கும். அவர்கள் படத்தில் அந்த ஒரு பக்கம் மட்டும் இந்த மடிப்பு விழும், அதே பக்கத்துக் கீழ் ஓரமும் தாழ்ந்து தொங்கும். ஓரம் தாழ்ந்திருக்கிறதே என்று அதை வெட்டினால் மடிப்பு அப்படியே இருக்கும், துணி மட்டும் குறையும். தோள் தையலை முனையில் கால் அங்குலம் உள்ளே பிடித்து, கழுத்துப் பக்கம் ஒன்றுமில்லாமல் தேய்த்துத் தைத்தால் மடிப்பும் போகும், ஓரமும் ஏறும்.

தையல்காரருக்குப் படம் அனுப்பும்போது எந்தத் தோள் என்று எழுதிவிடுங்கள். கண்ணாடிப் படத்தில் உங்கள் வலத்தோள் படத்தின் வலப்பக்கத்திலேயே இருக்கும். எதிரே நின்று ஒருவர் எடுத்த படத்தில் அது இடப்பக்கம் வரும். இதைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்கும் தோளைப் பிரித்துவிட நேரிடும்.

துணி விழும் விதம்

துணியில் தெரியும் கோடுகள் இரண்டு வகை. இறுக்கத்தால் வரும் கோடு விறைப்பாக, கூர்மையாக இருக்கும், இழுபடும் இடத்தைச் சுட்டிக்காட்டும். மிச்சத் துணியால் வரும் மடிப்பு மெத்தென்று தளர்ந்து தொங்கும். நெட்டுக்குத்தாகத் தொங்கினால் அகலம் மிச்சம். குறுக்கே தளர்ந்து விழுந்தால் நீளம் அங்கே தேங்கி நிற்கிறது. ஏன் தேங்குகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

ஆல்டரேஷன் கடைகளுக்கு அடிக்கடி வரும் ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். 44 அங்குல நீளமுள்ள காட்டன் குர்த்தி. மார்புச் சுற்று 40, சீட் சுற்று 42. அணிந்திருப்பவரின் மார்பு 37, சீட் 42. படத்தில் தோள் சரியாக இருக்கிறது, மார்பும் வசதியாக இருக்கிறது. இடுப்பைச் சுற்றியும் முதுகின் கீழ்ப்பகுதியிலும் குறுக்கே இரண்டு மூன்று தளர்ந்த மடிப்புகள். சைடு ஓப்பன் இரண்டு பக்கமும் கவிழ்த்த ‘V’ போல விரிந்து நிற்கிறது.

“அண்ணே, இடுப்புல லூஸா இருக்கு, அங்க மட்டும் பிடிச்சுக் கொடுங்க” என்பார் அந்தப் பெண்.

“இடுப்புல ஒண்ணுமில்லம்மா, சீட்லதான் பிடிக்குது” என்பார் தையல்காரர்.

விரிந்து நிற்கும் ஓப்பனைப் பார்த்து அவர் சொன்ன பதில் இது. உடம்பும் துணியும் சீட்டில் ஒரே 42. நடக்க, உட்கார ஓர் அங்குலம்கூட இடமில்லை. அகலம் போதாத துணி மேலே ஏறி, சுற்றளவு குறைந்த இடுப்பில் வந்து தேங்குகிறது. லூஸ் போலத் தெரிவது இப்படி ஏறிவந்த துணிதான். அந்தப் பெண் கேட்டபடி இடுப்பைப் பிடித்துத் தைத்தால் ஏறிய துணிக்குப் போக்கிடம் இல்லாமல் மடிப்பு இன்னும் கூடும்.

செய்ய வேண்டியது இரண்டு. சீட் அருகே பக்கத் தையலைப் பிரித்து விட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் கால் அங்குலம் விட்டால், இரண்டு பக்கத்துக்கும் நான்கு துண்டுகளில் சேர்த்து 1 அங்குலம் கிடைக்கும். அத்துடன் ஓப்பன் தொடங்கும் இடத்தை ஒன்றரை அங்குலம் மேலே ஏற்றினால், சீட்டின் அகலமான இடத்துக்கு மேலேயே துணி பிரிந்து சுதந்திரமாக விழும். இடுப்பு மடிப்பு தானாக இறங்கிவிடும். ரெடிமேடு உடுப்புகளில் தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணி பெரும்பாலும் அரை அங்குலமோ அதற்கும் குறைவோதான் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கீழ் ஓரம் கடைசியில்

இந்தக் குர்த்தியைச் சரிசெய்ததும் ஏறியிருந்த துணி இறங்கி ஓரமும் தாழும். அதனால்தான் நீளத்தை எப்போதும் கடைசியில் முடிவுசெய்ய வேண்டும். காட்டன் என்றால் ஒருமுறை துவைத்த பிறகு வெட்டுவதே நல்லது. 100-க்கு 3 சுருங்கினாலும் 44 அங்குலத்தில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போய்விடும்.

படத்தில் ஓரத்தைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். கேமரா ஓரத்தைவிட உயரத்தில் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது மட்டமான ஓரம்கூட நடுவில் தாழ்ந்து, பக்கங்களில் உயர்ந்து லேசாக வளைந்துதான் தெரியும். அது குறையில்லை. நேர்வெட்டுள்ள குர்த்தியின் ஓரம் படத்தில் நேர்க்கோடாகவோ நடுவில் உயர்ந்தோ தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். முன்பக்கம் தூக்கியிருக்கக்கூடும். பக்கவாட்டுப் படம் இதை உறுதிசெய்யும். அக்குளிலிருந்து இறங்கும் பக்கத் தையல் தரைக்குச் செங்குத்தாக இல்லாமல், கீழே போகப்போக முன்பக்கம் சாய்ந்தால், மார்போ வயிறோ முன்துணியைத் தூக்குகிறது என்று பொருள். அப்போது பின்பக்க ஓரத்தை முன்பக்கத்துக்குச் சமமாக மடித்துத் தைக்கலாம், ஆனால் சாய்ந்த தையல் சாய்ந்தபடியேதான் இருக்கும்.

படம் சொல்லாதவை

துணி எவ்வளவு நெகிழும், உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது, உட்கார்ந்தால் எங்கே பிடிக்கும் என்பதெல்லாம் நின்றபடி எடுத்த படத்தில் தெரியாது. கறுப்புத் துணியிலும் அடர்ந்த பூப்போட்ட துணியிலும் மடிப்புகள் மறைந்துவிடும். ஆகவே உட்கார்ந்து ஒரு படம் எடுங்கள், கையை முன்னே நீட்டி ஒரு படம் எடுங்கள். மார்புப் பக்கத்தில் துணியை விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளிய மடிப்பு 1 அங்குலம் என்றால் அதில் இருப்பது 2 அங்குலத் துணி. நெகிழாத காட்டன் குர்த்தியில் மார்பைச் சுற்றி மொத்தம் 2 முதல் 4 அங்குலம் மிச்சம் இருந்தால் போதும்.

திருப்பி அனுப்புவதா, ஆல்டர் செய்வதா என்று முடிவெடுக்கத் தோளைப் பார்த்தாலே போதும். தோள் அகலத்தைக் குறைக்கக் கையைக் கழற்றி, அக்குள் வளைவைத் திரும்ப வெட்டி, கையை மறுபடி பொருத்த வேண்டும். செலவு கூடும், பழைய வடிவமும் முழுதாகத் திரும்பாது. தோள் குறுகலாக இருந்தால் கூட்டுவதற்கு உள்ளே துணியே இருக்காது. தோள் சரியாக இருந்து இடுப்பும் நீளமும் தவறியிருந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள், தையல்காரர் சரிசெய்துவிடுவார். தோளே தவறியிருந்தால், விலைச்சீட்டைக் கிழிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.