ஒரே வாரத்தில் ஐந்து கெடு: எதை முதலில் எடுப்பது?

செமஸ்டர் முடியும் தறுவாயில் எல்லாக் கல்லூரிகளிலும் ஒரு வாரம் இப்படி வரும். ஒவ்வொரு ஆசிரியரும் தன் பாடத்தை மட்டும் பார்த்துக் கெடு வைப்பார். எல்லாக் கெடுவும் திங்களுக்கும் சனிக்கும் நடுவில் வந்து விழும். எதைத் தொடுவது என்று தெரியாமல், மாணவர்கள் கண்ணில் முதலில் பட்டதையோ எளிதாக முடிவதையோ எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு மாணவியின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஆய்வக ரெக்கார்டு நோட்டைப் புதன் காலை கையெழுத்துக்கு வைக்க வேண்டும். வியாழன் காலை ஒரு அசைன்மென்ட், வெள்ளி காலை இன்டர்னல் தேர்வு. கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வெள்ளி மாலை 5 மணி கடைசி. சனி காலை செமினார். கல்லூரி விட்டு வந்தபின் அவளுக்குக் கிடைப்பது மாலைக்கு 3 மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை மொத்தம் 15 மணி.

கெடு, உழைப்பு, முக்கியத்துவம் என்ற மூன்றையும் வைத்துத்தான் வேலைகளை வரிசைப்படுத்த வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, அதிகம் வந்ததை முதலில் செய்வது ஒரு பழக்கம். அதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இந்த மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. எந்த வரிசையில் செய்வது என்பதைக் கெடு சொல்லும். எல்லாம் நேரத்துக்குள் அடங்குமா என்பதை உழைப்பு சொல்லும். அடங்காவிட்டால் எதை விடுவது என்பதை முக்கியத்துவம் சொல்லும். கூட்டிவிட்டால் மூன்று பதில்களும் கலங்கிப்போகும்.

முதலில் கெடு

1955இல் ஜேம்ஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், தொழிற்கூடங்களில் ஒரே இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் வேலைகளைப் பற்றி ஒரு முடிவை நிறுவினார். வேலைகளைக் கெடு வரிசையில் செய்தால், மிக அதிகமாகத் தாமதமாகும் வேலையின் தாமதம் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையும். இதிலிருந்து நமக்குப் பயன்படும் உண்மை ஒன்று கிடைக்கிறது: எல்லாவற்றையும் நேரத்தில் முடிக்க ஏதாவது ஒரு வரிசை இருக்குமானால், கெடு வரிசையிலும் அது முடியும். எனவே ஞாயிறு மாலையே வேலைகளைக் கெடு வரிசையில் எழுதிவிடலாம். முக்கியத்துவத்தை இந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டியதில்லை.

பிறகு உழைப்பு

ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று மாணவி குறிக்கிறாள். ரெக்கார்டுக்கு 2, அசைன்மென்ட்டுக்கு மூன்றரை, தேர்வுக்குப் படிக்க 4, விண்ணப்பத்துக்கு அரை, செமினாருக்கு இரண்டரை. கூட்டினால் பன்னிரண்டரை மணி. கையில் 15 இருக்கிறது, கவலையில்லை என்று தோன்றும்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. ரோஜர் ப்யூலரும் அவருடைய சக உளவியலாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். உண்மையில் ஆனது 56 நாளை ஒட்டி. எல்லாம் தடையில்லாமல் நடப்பதாகவே மனம் கணக்குப் போடுகிறது. பிரின்டர் மை தீர்வதும் புரியாத பாடத்தைத் திரும்பப் படிப்பதும் அதில் வருவதில்லை.

நமக்கு ஓரளவு பாதுகாப்பான வழி, போன முறை இதே வேலைக்கு ஆன நேரத்தை எடுத்துக்கொள்வது. அது நினைவில் இல்லையென்றால் மதிப்பீட்டை ஒன்றரை மடங்காக்குவது. அப்படிச் செய்தால் ரெக்கார்டு 3, அசைன்மென்ட் 5, தேர்வு 6, விண்ணப்பம் 1, செமினார் 4 என்று ஆகிறது. மொத்தம் 19 மணி. இருப்பதோ 15.

எந்த இடத்தில் இடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கெடு வரிசையில் கூட்டிக்கொண்டே வந்தால் ரெக்கார்டு வரை 3 மணி. புதன் காலைக்குள் 6 மணி இருக்கிறது, சரி. அசைன்மென்ட் சேர்ந்தால் 8. வியாழனுக்குள் 9 இருக்கிறது, சரி. தேர்வு சேர்ந்தால் 14. வெள்ளிக்குள் இருப்பது 12. வாரம் உடைவது இங்கேதான். இந்தக் கணக்கைப் போடாதவர்களுக்கு இது வியாழன் இரவு பாடப்புத்தகத்தைத் திறக்கும்போதுதான் தெரியவரும்.

இனி முக்கியத்துவம்

ஏதோ ஒன்றை விட்டாக வேண்டும். 1968இல் ஜே. மைக்கேல் மூர் இதற்கு ஒரு விதி தந்தார்: நேரம் மீறும் இடத்தில் நிறுத்தி, அதுவரை சேர்த்த வேலைகளில் மிக நீளமானதை வெளியே எடுக்க வேண்டும். தாமதமாகும் வேலைகளின் எண்ணிக்கை இதனால் மிகக் குறையும். ஆனால் நம் மாணவியின் பட்டியலில் இந்த விதி வெளியே எடுக்கச் சொல்வது 6 மணி நேரம் பிடிக்கும் தேர்வை! எல்லா வேலைக்கும் ஒரே மதிப்பு என்று வைத்துத்தான் அந்த விதி நடக்கிறது. வாழ்க்கையில் அப்படி இருப்பதில்லை.

எனவே ஒவ்வொன்றையும் பார்த்து, "இது தாமதமானால் என்ன போகும்?" என்று கேட்க வேண்டும். வேலை பெரியதா, ஆசிரியர் கண்டிப்பானவரா என்பதை விட இந்த இழப்புதான் உண்மையான அளவுகோல். ரெக்கார்டில் கையெழுத்து இல்லையென்றால் செய்முறைத் தேர்வுக்கே உட்கார முடியாது. தேர்வை இன்னொரு நாள் எழுத முடியாது. விண்ணப்பம் தவறினால் ஓராண்டு உதவித்தொகை போய்விடும். செமினாருக்கு 10 மதிப்பெண். அசைன்மென்ட்டுக்கு 5, தாமதமாகக் கொடுத்தால் பாதி கிடைக்கும். அதாவது இழப்பு இரண்டரை மதிப்பெண், மிச்சமாவதோ 5 மணி நேரம். மற்ற எதை விட்டாலும் இதைவிட அதிகம் போகும்.

அசைன்மென்ட்டை எடுத்துவிட்டுத் திரும்பக் கூட்டினால் ரெக்கார்டு வரை 3, தேர்வு வரை 9, விண்ணப்பம் வரை 10, செமினார் வரை 14. எந்தக் கெடுவும் உடையவில்லை, 1 மணி நேரம் மிச்சமும் இருக்கிறது. இனி இதை நாள்களில் பிரித்துப் போடலாம். திங்கள் முழுக்க ரெக்கார்டு. செவ்வாய் தேர்வுக்குப் படிப்பு. புதன் விண்ணப்பத்துக்கு 1 மணி, செமினாருக்கு 2 மணி. படித்தது நினைவில் நிற்க, தேர்வின் மீதி 3 மணி அதற்கு முந்தைய மாலையான வியாழனில். வெள்ளி செமினாரின் மீதி 2 மணி.

இந்தக் கணக்கில் சிக்காத ஒன்று காத்திருப்பு. விண்ணப்பத்துக்கு 1 மணி நேர உழைப்புதான். ஆனால் அதனுடன் இணைக்க வேண்டிய போனஃபைடு சான்றிதழ் கல்லூரி அலுவலகத்திலிருந்து கைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். கெடு வரிசையை மட்டும் நம்பி வெள்ளிக்கிழமை கேட்கப் போனால் கிடைக்காது. பிறர் கையில் காத்திருக்க வேண்டிய வேலைகளில், கேட்க வேண்டியதைத் திங்கள் காலையே கேட்டுவிட வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும். சான்றிதழ் புதனன்று வராவிட்டால், அந்த ஒரு மணி நேரத்தை வியாழன் படிப்புடன் மாற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு இரவும் செய்து முடித்ததை விட்டுவிட்டு, மீதி மணிகளை மட்டும் மறுபடி கூட்ட வேண்டும். செவ்வாய் இரவிலும் ரெக்கார்டு முடியவில்லை என்றால், மற்ற மதிப்பீடுகளும் குறைவாகவே இருக்கும் என்று கொள்ளலாம். அப்போது அடுத்துச் சுருக்க வேண்டியது எது என்று இழப்புக் கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும்.

விட முடிவு செய்த அசைன்மென்ட்டுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திங்களன்றே ஆசிரியரைப் பார்த்து, "மேடம், இந்த வாரம் ரெக்கார்டும் இன்டர்னலும் சேர்ந்து வருகிறது. அடுத்த திங்கள் காலை கொடுத்துவிடட்டுமா?" என்று கேட்பது. மூன்று நாள் முன்னதாக, கொடுக்கும் நாளையும் சொல்லிக் கேட்கும் மாணவிக்குச் சலுகை கிடைக்க வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டாலும் போவது இரண்டரை மதிப்பெண்தான். அந்த விலையில் மற்ற நான்கும் நேரத்துக்கு முடிகின்றன.