பெயர் தெரியாதவரைத் தேடும் அறிவிப்பு

பேருந்து நிலையத்தில் தினமும் படுத்திருந்த பெரியவரைக் காணவில்லை. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அறிவிப்பில் 'பெயர் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்துப் போட்ட பெயரை நம்பி, மருத்துவமனையிலோ காப்பகத்திலோ வேறு பெயரில் இருப்பவரை 'இவர் அவரில்லை' என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கையில் 'செல்வி' என்று பச்சை குத்தியிருந்தால், அது மகள் பெயராகவும் இருக்கலாம். 'வலது முன்கையின் உட்புறம் 'செல்வி' என்று பச்சை' என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். வலது, இடது என்பது அவருடைய வலது, இடது. எதிரே நின்று பார்ப்பவருடையது அல்ல.

வயதை '65 முதல் 75 வரை' என்று வரம்பாகக் கொடுங்கள். உயரத்துக்கு, அவர் வழக்கமாகச் சாய்ந்து நின்ற தூணில் அவர் தலை எட்டிய இடத்தை நாடாவால் அளந்து, 'சுமார்' சேர்த்து எழுதுங்கள்.

தழும்பு, மச்சம், விழுந்த பல், நடையில் உள்ள சாய்வு போன்ற மாறாத அடையாளங்கள் முதலில் வரட்டும். சட்டையும் தாடியும் ஒரே நாளில் மாறிவிடும். அவற்றைக் 'கடைசியாகப் பார்த்தபோது' என்று தேதி, நேரத்துடன் இறுதியில் சேருங்கள்.