பெல்ட் இழுப்பதும் கால் இழுப்பதும்

கடந்த வடகிழக்குப் பருவமழையில் கடற்கரைச் சாலை முழங்கால் தண்ணீரில் கிடந்தபோது, என் காலை ஓட்டம் பக்கத்துத் தெரு ஜிம்முக்கு இடம் மாறியது. முதல் நாளே பயிற்சியாளர் தம்பி எச்சரித்தார்: “சார், இதுல பெல்ட்டே காலைப் பின்னாடி இழுத்துக்கும். பின்தொடைக்கும் பிட்டத்துக்கும் வேலையே இருக்காது. ஏத்தம் வெச்சு ஓடுங்க.” சொன்னபடி இன்க்லைன் பட்டனை 4-க்கு உயர்த்தினேன். இரண்டாவது வாரம், காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைத்த முதல் அடியில் குதிகாலுக்கு மேலே சுருக்கென்று பிடித்தது.

தம்பி சொன்னதில் பாதி தப்பு, பாதி சரி. என்னை மாட்டிவிட்டது சரியாக இருந்த பாதிதான்.

பெல்ட் காலை இழுக்கிறது என்பது பார்வைக்கு உண்மை போலத் தெரியும். ஆனால் சீரான வேகத்தில் போகும் ரயில் பெட்டிக்குள் நடந்து பாருங்கள். வீட்டுக் கூடத்தில் நடப்பதற்கும் அதற்கும் கால் வித்தியாசம் காணாது. தரை நகர்கிறதா, நாம் நகர்கிறோமா என்பது தசைக்குத் தெரியாது. இரண்டுக்கும் இடையிலான வேகம் மட்டுமே அதற்குக் கணக்கு. நெதர்லாந்தின் உடலியக்க ஆய்வாளர் வான் இங்கன் ஸ்கெனாவ் 1980-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். பெல்ட் வேகம் மாறாமல் இருந்தால், சாலைக்கும் ட்ரெட்மில்லுக்கும் இயக்கவியலில் மிஞ்சும் வேறுபாடு காற்றின் எதிர்ப்பு ஒன்றுதான்.

பின்தொடைத் தசையின் கடுமையான உழைப்பு எந்த நேரத்தில் நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பாதம் தரையில் இருக்கும்போது அல்ல, அந்தரத்தில் இருக்கும்போது. முன்னே வீசிய கீழ்க்கால், கதவு கீலில் சுழல்வதுபோல முழங்காலில் சுழன்று நீள்கிறது. பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், பின்தொடை நீண்டுகொண்டே அந்த வீச்சைப் பிடித்து நிறுத்துகிறது. வேக ஓட்டக்காரர்களுக்குப் பின்தொடை கிழிவது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான். அப்போது கால் பெல்ட்டைத் தொடவே இல்லை. தொடாத காலுக்குப் பெல்ட் எப்படி உதவும்?

‘வேகம் மாறாமல் இருந்தால்’ என்றேன் அல்லவா, அங்கேதான் விலை குறைந்த இயந்திரம் இடறுகிறது. ஒவ்வோர் அடியும் விழும்போது பாதம் முதலில் பெல்ட்டைத் தடுக்கிறது, பிறகு பின்னே தள்ளுகிறது. மோட்டார் வலுவற்றதாக இருந்தால் அந்தத் தடுப்பில் பெல்ட் ஒரு கணம் தயங்கி, பின் வேகத்தை எட்டிப்பிடிக்கும். காதைக் கொடுத்தாலே போதும்: அடி விழும்தோறும் மோட்டாரின் இரைச்சல் தாழ்ந்து உயர்ந்தால், உங்கள் காலுக்குக் கீழே வேகம் ஆடுகிறது என்று அர்த்தம். எடை கூடியவர்கள் ஓடினால் இது இன்னும் நன்றாகக் கேட்கும்.

காற்றுக்கு ஈடுகட்டத்தான் ‘ஒரு சதவீத ஏற்றம் வை’ என்ற வழக்கம் வந்தது. 1996-இல் ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களை வைத்துச் சோதித்துச் சொன்னது அது. அவர்கள் சோதித்த வேகம் மணிக்குச் சுமார் 10.5 முதல் 18 கிலோமீட்டர் வரை. என்னைப்போல மணிக்கு 9 கிலோமீட்டரில் ஓடுகிறவருக்குக் காற்றின் எதிர்ப்பு பொருட்படுத்தத் தக்கதே அல்ல. அந்த ஒரு சதவீதமும் வேண்டாம். நான் வைத்ததோ நான்கு.

40 நிமிடத்தில் 6 கிலோமீட்டர். அதில் 4 சதவீதம் 240 மீட்டர். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர். அறையை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமல், தினமும் கிட்டத்தட்ட மூன்று மலைக்கோட்டை ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன்! ‘உயரமே கூடவில்லையே’ என்று கேட்கலாம். சாய்ந்த பெல்ட் என்னை ஓயாமல் கீழே இறக்கிக்கொண்டிருந்தது. நான் அதே அளவு ஏறினால்தான் இருந்த இடத்தில் இருக்க முடியும். கீழே வரும் எஸ்கலேட்டரில் மேலே ஏறும் குழந்தையின் நிலைமைதான்.

இந்த ஏற்றத்தின் கூலியை எல்லாத் தசைகளும் சமமாகத் தருவதில்லை. சமதளத்தில் ஓடும்போது கால் ஒரு வில்போல வேலை செய்கிறது. உடல் கீழே விழும்போது குதிகால் நாண் நீண்டு ஆற்றலைச் சேமித்து, எழும்பும்போது திருப்பித் தருகிறது. ஏற்றத்தில் விழுவது குறைவு, எழுவது அதிகம். சேமிப்பு போதாததால் தசையே புதிதாக உழைத்தாக வேண்டும். அந்தக் கூடுதல் உழைப்பில் பெரும்பங்கை இடுப்பு மூட்டு ஏற்கிறது. முன்கால் உயரமான இடத்தில் ஊன்ற, இடுப்பு அதிகம் மடங்க, அதை நிமிர்த்தும் வேலை பிட்டத் தசையின் தலையில் விழுகிறது. தம்பி சொன்னதில் இந்தப் பாதி சரி. பின்தொடையும் நிமிர்த்தக் கைகொடுக்கும். ஆனால் ஏற்றத்தில் வேகத்தைக் குறைத்துத்தானே ஓடுகிறோம்? கீழ்க்காலின் வீச்சும் குறைவதால், அந்தரத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் சுமை பின்தொடைக்கு இலேசாகிறது.

மாட்டிக்கொள்வது கெண்டைக்கால். சாய்ந்த பலகையில் குதிகால் விரல்களைவிடத் தாழ்ந்தே நிற்கும். நாண் நீண்ட நிலையிலேயே ஒவ்வோர் அடியையும் தள்ள வேண்டும். ட்ரெட்மில் சமதளத்தில் இருந்தாலும்கூட அதற்கு நிம்மதியில்லை. பெல்ட்டில் நாம் பாதத்தைச் சற்றுத் தட்டையாக வைத்து ஓடுகிறோம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஆட்கள் சாலையில் ஓடியதைவிட ட்ரெட்மில்லில் ஓடியபோது குதிகால் நாணின் உச்சச் சுமை சுமார் 12 சதவீதம் அதிகம் இருந்தது. முழங்கால் சில்லின் சுமையில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. சாலை மேடானாலும் அடுத்து ஓர் இறக்கம் வரும். இயந்திரத்தில் 40 நிமிடமும் மேடுதான்; நிமிடத்துக்கு 170 அடி என்றால் காலுக்கு 3,400 முறை.

அறிகுறியும் அதற்கேற்றபடிதான் இருந்தது. குதிகால் எலும்புக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலே, நாணை இரு பக்கமும் கிள்ளினால் வலி. காலையில் விறைப்பு, பத்தடி நடந்ததும் தளர்வு, ஓட ஆரம்பித்தால் மறதி, மறுநாள் மீண்டும் விறைப்பு. ஓடும்போது மறைந்துவிடுவதால் சரியாகிவிட்டது என்று ஏமாந்து இன்னும் நான்கு நாள் ஓடினேன். பிறகுதான் ஏற்றத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். விறைப்பு அடங்கிய பிறகு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் மட்டும் 3 சதவீதம் என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு நிமிடமாகக் கூட்டினேன்.

எனக்கு அடுத்த இயந்திரத்தில் ஓர் அண்ணன் 12 சதவீதத்தில் நடப்பார், ஒரு வலியும் கிடையாது. ரகசியம் கைப்பிடியில். முன்கம்பியை இறுகப் பிடித்து உடலைப் பின்னால் சாய்த்துவிடுவார். பலகையோடு அவரும் சேர்ந்து சாய்ந்ததில், உடலுக்கும் பெல்ட்டுக்கும் இடையே பழையபடி செங்கோணம். ஏற்றத்தின் பெரும்பகுதியைக் கைகள் சுமக்க, பிட்டம் சும்மா இருந்தது. திரையில் மட்டும் 12.

தை பிறந்து சாலை காய்ந்ததும் பழைய வழிக்குத் திரும்பினேன். மேம்பாலத்தின் ஏற்றத்தில் பிட்டமும் கெண்டைக்காலும் முன்பைவிடத் தெம்பாக ஏறின. இறக்கத்தில் ஜாலியாகக் காலை விட்டேன். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை; முன்தொடை இரண்டும் கல்லாகக் கிடந்தன. மூன்று மாதமாக அந்த இயந்திரம் என்னை ஒரு முறைகூட இறக்கத்தில் ஓடவிட்டிருக்கவில்லை.