அக்டோபர் விற்பனையும் பிப்ரவரி தவணையும்

ஈரோட்டுப் பக்கம் போர்வையும் துண்டும் நெய்து வாங்கி, சொந்தப் பெயரில் இணையத்தில் விற்கும் ஒரு சின்ன பிராண்டைக் கற்பனை செய்துகொள்வோம். தீபாவளி வரும் அக்டோபரில் 20 லட்சத்துக்கு விற்கிறது. பொங்கலுக்கு 11 லட்சம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் 4 லட்சத்தைத் தாண்டுவதில்லை. தீபாவளிச் சரக்கை ஆகஸ்டிலேயே வாங்கி அடுக்க வேண்டும். அதற்குப் பத்து லட்சம் தேவை.

பணம் இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த டேர்ம் லோன்: மாதாமாதம் ஒரே தொகை இஎம்ஐ. இன்னொன்று, சில ஆண்டுகளாக இணைய வியாபாரிகளைத் தேடி வரும் வருவாய்ப் பங்கு நிதி. வெலாசிட்டி, கெட்வான்டேஜ், க்ளப் போன்ற நிறுவனங்கள் இந்தியாவில் இதைப் பரப்பின. சொத்துப் பத்திரம் கேட்பதில்லை. பேமெண்ட் கேட்வே கணக்கு, இணையக் கடையின் விற்பனை விவரம், விளம்பரச் செலவு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுப் பணம் தருவார்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் விற்பனையில் இத்தனை சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வட்டி என்ற சொல்லே பேச்சில் வராது. ஒரே ஒரு ‘கட்டணம்’ மட்டும்தான்.

“விற்றால் கொடுங்கள், விற்காவிட்டால் குறைவாகக் கொடுங்கள்” என்பதைக் கேட்டதும், மேடும் பள்ளமுமாக விற்பவருக்கு இது தனக்கென்றே தைத்த சட்டை போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு கச்சிதமில்லை.

நம் பிராண்டுக்கு ஒரு வருவாய்ப் பங்கு நிறுவனம் ஆகஸ்ட் தொடக்கத்தில் பத்து லட்சம் தருகிறது. கட்டணம் 8 சதவீதம், அதாவது 80,000 ரூபாய். விற்பனையில் 15 சதவீதம் வீதம் எடுத்து, மொத்தம் 10.80 லட்சம் சேரும்போது கணக்கு முடியும். ஆகஸ்டில் 6 லட்சம் விற்றால் 90,000 போகும். அக்டோபரில் 20 லட்சத்துக்கு 3 லட்சம் போகும். பிப்ரவரியின் 4 லட்சத்துக்கு 60,000. இடைப்பட்ட மாதங்களின் வழக்கமான விற்பனையையும் சேர்த்தால் ஏப்ரலில், ஒன்பதாவது மாதம், கடன் தீர்கிறது.

8 சதவீதம் என்பது ஆண்டு வட்டியல்ல. பத்து லட்சமும் ஒன்பது மாதம் முழுக்க நம் கையில் இருக்கவும் இல்லை. முதல் மாதத்திலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரூபாயும் நம்மிடம் நான்கு மாதத்துக்குச் சற்று அதிகமாகத்தான் தங்கியது. நான்கு மாதத்துக்கு 8 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 23 சதவீதம். சந்தைத் தெருவில் தண்டலுக்குப் பணம் வாங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பத்தாயிரத்தில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தந்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது 80 சதவீதத்தை ஒட்டி வரும். வருவாய்ப் பங்கு நிதி அவ்வளவு கொடுமை இல்லை. ஆனால் விலையை மறைக்கும் வித்தை ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வியாபாரம் எதிர்பார்த்ததைவிட ஒன்றரை மடங்கு ஓடிவிட்டால் கடன் டிசம்பரிலேயே தீர்ந்துவிடும். கட்டணம் அதே 80,000தான். ஆனால் பணம் மூன்று மாதத்துக்கும் குறைவாகத்தான் கையில் இருந்திருக்கும். ஆண்டுக் கணக்கு 33 சதவீதத்துக்கு ஏறிவிடும். நன்றாக விற்றவருக்குப் பணத்தின் விலை கூடுகிறது. முன்கூட்டியே முழுதாகக் கட்டி முடிக்கலாம் என்றாலும், கட்டணம் பெரும்பாலும் குறைவதில்லை.

இப்போது டேர்ம் லோன். ஒரு நிதி நிறுவனம் அதே பத்து லட்சத்தை 16 சதவீத வட்டிக்கு 24 மாதத் தவணையில் தருவதாக வைத்துக்கொள்வோம். இஎம்ஐ சுமார் 49,000. இரண்டு சதவீதச் செயலாக்கக் கட்டணத்தையும் சேர்த்தால் உண்மையான விலை ஆண்டுக்கு 18 சதவீதத்தை ஒட்டி வரும். இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 1.75 லட்சம். 80,000 எங்கே, 1.75 லட்சம் எங்கே என்று பலர் இங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். ஒன்பது மாதத்தில் தீரும் கடனையும் இருபத்துநான்கு மாதம் தங்கும் கடனையும் ரூபாயை வைத்து ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது பிப்ரவரி மாதம்தான். விற்பனை 4 லட்சம். சரக்கு விலை, கூரியர், விளம்பரம் எல்லாம் போக நூற்றுக்கு 25 ரூபாய் மிஞ்சுகிறது என்றால் கையில் ஒரு லட்சம். குடோன் வாடகை, பேக்கிங் ஆட்களின் சம்பளம் என்று 70,000 போனால் 30,000 மீதி. 49,000 இஎம்ஐ கட்ட 19,000 துண்டு விழுகிறது. வருவாய்ப் பங்குக்காரர் எடுப்பதோ 60,000, துண்டு 30,000. டல் மாதத்தில் மூச்சு விட இடம் கொடுக்கும் என்று சொல்லப்பட்ட நிதி, அந்த டல் மாதத்திலேயே இஎம்ஐயைவிட அதிகமாக எடுத்துவிட்டது. பத்து லட்சத்தை ஒன்பது மாதத்தில் திரும்பப் பெற வேண்டுமென்றால் அப்படித்தான் எடுத்தாக வேண்டும். குறைகிறது என்பது அதன் சொந்த அக்டோபரோடு ஒப்பிடும்போதுதான்.

ஏப்ரல் முடிவில் இன்னொரு வித்தியாசமும் தெரியும். வருவாய்ப் பங்கில் 10.80 லட்சமும் வெளியே போய்விட்டது. அடுத்த தீபாவளிக்கு மறுபடி முன்பணம் கேட்க வேண்டும், மறுபடி 80,000. டேர்ம் லோனில் அதுவரை போனது 4.40 லட்சம்தான். அசலில் சுமார் 6.60 லட்சம் இன்னும் வியாபாரத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

அப்படியானால் வருவாய்ப் பங்கு நிதிக்கு வேலையே இல்லையா? உண்டு. அதே பிராண்டுக்கு செப்டம்பரில் விளம்பரக் கணக்கு முடங்குகிறது, அல்லது மழையில் கூரியர் நின்றுபோகிறது என்று வையுங்கள். அக்டோபர் 20 லட்சத்துக்குப் பதில் 8 லட்சத்தோடு நிற்கிறது. பிப்ரவரியில் ஒன்றரை லட்சம்தான். வருவாய்ப் பங்குக்காரர் பிப்ரவரியில் எடுப்பது 22,500. இஎம்ஐ அசையாமல் 49,000. அக்கவுண்டில் பணமில்லாமல் இஎம்ஐ திரும்பினால் அபராதம், சிபில் மதிப்பெண்ணில் அடி. 90 நாள் தாண்டி நிலுவை நின்றால் வாராக்கடன். இங்கே கூடுதலாகக் கொடுத்த சதவீதம் ஒரு காப்பீட்டு பிரீமியம் போல வேலை செய்கிறது.

ஆகவே விற்பனை மேடு பள்ளமா என்பதைவிட, அந்த மேடு பள்ளம் முன்கூட்டியே தெரிந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தீபாவளியும் பொங்கலும் நாட்காட்டியில் அச்சாகி வருபவை. நம் போர்வைக்காரர் அக்டோபர் மீதியிலிருந்து ஒரு லட்சத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கினாலே பிப்ரவரி, மார்ச் துண்டு அடைபட்டுவிடும். அதற்காக ஆண்டுக்கு 23 சதவீதம் கொடுப்பது வீண். மாறாக, இதுவரை விற்றே பார்க்காத ஒரு புதுச் சரக்கு, ஓடுமோ ஓடாதோ என்ற நிலையில் விளம்பரத்துக்குப் போடும் பணம் என்றால் வருவாய்ப் பங்கு பொருந்தும். தையல் இயந்திரம், குடோன் ரேக் போல மூன்று வருடம் உழைக்கும் பொருளை ஒன்பது மாதப் பணத்தில் வாங்கவே கூடாது.

டேர்ம் லோன் கேட்டதும் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வங்கி வழக்கமாக இரண்டு வருட வருமான வரிக் கணக்கையும் உத்யம் பதிவையும் கேட்கும். ஒரு வயதான இணையக் கடையிடம் அது இருக்காது. முத்ரா திட்டத்தில் பத்து லட்சம் வரை அடமானமின்றிக் கேட்கலாம். கிளை மேலாளர் மனது வைக்க வேண்டும். வருவாய்ப் பங்கு நிறுவனங்கள் சில நாட்களிலேயே பதில் சொல்லிவிடுகின்றன, சீசன் நெருங்கும்போது அந்த வேகத்துக்கும் ஒரு விலை உண்டு.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் ‘விற்பனை’ என்று எதைச் சொல்கிறார்கள் என்று தேடுங்கள். அக்டோபரின் 20 லட்சம் என்பது ஆர்டர் தொகை. கேஷ் ஆன் டெலிவரியில் வாங்காமல் திருப்பிவிட்டவை ஐந்தில் ஒரு பங்கு என்றால் நிற்பது 16 லட்சம். அதற்குள் அரசுக்குப் போக வேண்டிய 5 சதவீத ஜிஎஸ்டியும் இருக்கிறது. நீக்கினால் உண்மை விற்பனை 15.24 லட்சம். ஆர்டர் தொகை மீது 15 சதவீதம் என்று எழுதியிருந்தால் நீங்கள் கொடுப்பது நிஜத்தில் கிட்டத்தட்ட 20 சதவீதம். ரிட்டர்னும் வரியும் கழித்த தொகை என்று எழுதி வாங்க வேண்டும்.

அடுத்து, நேரடியாக ஒரு கேள்வி: “ஒரு மாதம் விற்பனையே இல்லை என்றால் நான் எவ்வளவு கட்ட வேண்டும்?” ஒன்றுமில்லை என்று பதில் வந்தால் சரி. குறைந்தபட்ச மாதத் தொகை, முழுக்கட்டி முடிக்க வேண்டிய கடைசித் தேதி, உரிமையாளரின் சொந்த ஜாமீன் என்று ஷரத்துகள் வரிசையாக வந்தால், அது விலை கூடிய இஎம்ஐதான். காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியும் காப்பீடு கிடையாது.

அந்த நிதி கடனாக, ஒரு வங்கி சாரா நிதி நிறுவனம் வழியே செயலியில் வருமானால், ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி ‘முக்கிய விவர அறிக்கை’ ஒன்றைத் தந்தாக வேண்டும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். டேர்ம் லோனுக்கும் அதே அறிக்கையை வாங்கி, அந்த ஒரு எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிர்கால வரவை ‘வாங்கும்’ ஒப்பந்தம், இது கடனே அல்ல என்று சொன்னால், ஆடிட்டரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம்.

பலரும் கவனிக்காத ஒன்று பிறகு வங்கிக்குப் போகும்போது தெரியவரும். வருவாய்ப் பங்கைப் பேமெண்ட் கேட்வேயிலேயே பிடித்துக்கொண்டால், உங்கள் வங்கிக் கணக்குக்கு வருவது பிடித்தம் போன மீதி மட்டும்தான். அடுத்த வருடம் டேர்ம் லோனுக்கோ ஓடிக்கோ விண்ணப்பித்தால், ஸ்டேட்மெண்டில் வரவு குறைவாகவும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் விற்பனை அதிகமாகவும் தெரியும். கடன் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். மாதாமாதம் கேட்வேயின் செட்டில்மெண்ட் அறிக்கையை இறக்கி, பிடித்தத்தைத் தனி வரியாகக் கணக்கில் ஏற்றி வைத்திருந்தால் அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்.