கேள்வி கேட்காமல் எடுத்த சீட்டு காதலைப் பேசுகிறதா?

டாரோ சீட்டு பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கட்டைக் கலைத்து, எதையும் கேட்காமல், மேலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் திருப்பி வைப்பார்கள். இன்றைய நாளுக்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான். வேலையைப் பற்றியோ திருமணத்தைப் பற்றியோ கேட்டு எடுத்த சீட்டு என்றால், அது எதைப் பற்றியது என்பதைக் கேள்வியே சொல்லிவிடும். இங்கே அது இல்லை. அதனால் சீட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன், எதைப் பற்றிச் சொல்கிறது என்று முடிவு செய்யவேண்டியிருக்கிறது. பெரும்பாலோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மனதில் ஒருவர் இருந்துவிட்டால் எந்தச் சீட்டைத் திருப்பினாலும் அவர் முகம்தான் தெரியும்.

ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். திருப்பியதும் வந்தது வாள் மூன்று. சாம்பல் நிற வானம், மேகம், சாய்ந்து பெய்யும் மழை. நடுவில் சிவப்பாக ஒரு இதயம், அதைத் துளைத்து நிற்கும் மூன்று வாள்கள். பார்த்தவுடன் யாரும் சொல்வது காதல் தோல்வி என்றுதான். இதயம் இருக்கிறது, வாள் குத்தியிருக்கிறது, வேறென்ன வேண்டும்?

இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் அவ்வளவு அவசரப்பட மாட்டோம். இன்று உலகமெங்கும் அதிகம் புழங்கும் கட்டு 1909-இல் லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் படங்களை வரைந்தார். அதற்கு முன்பு பரவலாக இருந்த மார்செய் கட்டில் வாள் மூன்று என்றால் மூன்று வாள்கள் மட்டும்தான் இருக்கும். கதை இருக்காது, ஆளும் இருக்க மாட்டார். ஸ்மித் 78 சீட்டுகளுக்கும் காட்சி வரைந்தார். இதயத்தைத் துளைக்கும் மூன்று வாள்கள் மட்டும் அவருக்கு முன்பே இருந்தன. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியில் உருவான சோலா புஸ்கா கட்டில் இதே அமைப்பைக் காணலாம். அந்தக் கட்டின் புகைப்படங்கள் 1907-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. ஸ்மித் அங்கே பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும் என்று டாரோ வரலாறு எழுதுபவர்கள் பலரும் கருதுகிறார்கள்.

வெயிட் தன் புத்தகத்தில் இந்தச் சீட்டுக்குச் சொன்ன பொருள் விலகல், இல்லாமை, தாமதம், பிளவு, சிதறல் என்று போகிறது. அவரும் ஸ்மித்தும் இருந்த கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கம் இதற்கு வைத்த பெயர் துயரம். காதல் என்ற பெயரை அவர்கள் வேறொரு சீட்டுக்குக் கொடுத்தார்கள். அது கோப்பை இரண்டு. ஆக, கட்டை உருவாக்கியவர்களின் கணக்கிலேயே இதயம் வரைந்த சீட்டு துயரத்துக்கு. காதலுக்கான சீட்டில் இதயமே இல்லை. அதில் ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று ஆளுக்கொரு கோப்பையை ஏந்தியிருக்கிறார்கள்.

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. காதல் என்றால் அங்கே இரண்டு பேர் இருக்கவேண்டும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஏதோ ஒன்று போகவேண்டும். வாள் மூன்றில் ஒருவர்கூட இல்லை. இருப்பது வலி மட்டும். அந்த வலி காதலரிடமிருந்து வந்திருக்கலாம், அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் வந்திருக்கலாம், மருத்துவமனையிலிருந்து வந்த ஒரு போன் தந்ததாகவும் இருக்கலாம். வாள் என்பது டாரோவில் எண்ணம், பேச்சு, மோதல் ஆகியவற்றுக்கான இனம். அதனால் கேள்வி இல்லாமல் இந்தச் சீட்டு வந்தால், ஒரு சொல்லோ ஒரு செய்தியோ எங்கோ பிளவை உண்டாக்குகிறது என்பதுவரை போகலாம். யாரோடு என்பதைச் சீட்டு சொல்லவில்லை. அதை நாமாகச் சேர்த்தால், சேர்த்தது நாம்தான் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. சீட்டுக்கு நீங்கள் சொன்ன விளக்கத்தை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். காதலர் என்ற இடத்தில் மேலதிகாரி, அம்மா, உடம்பு என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு பொருந்தினால் அந்தச் சீட்டு காதலைப் பற்றிப் பேசவில்லை. கோப்பை இரண்டை இப்படி மாற்றிப் பார்த்தால், கோப்பை மாற்றிக்கொள்ளும் அந்த இருவர் இடத்தில் உடம்பு உட்காராது, மேலதிகாரியும் சிரமப்பட்டுத்தான் உட்காருவார். நெருங்கிய நண்பர் வேண்டுமானால் உட்காரலாம். வெயிட்டும் நட்பை இந்தச் சீட்டின் பொருள்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்.

காதலர்கள் என்றே பெயர் கொண்ட ஆறாம் எண் சீட்டு வந்தால்? அங்கேயும் கட்டைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். மார்செய் கட்டில் ஓர் இளைஞன் இரண்டு பெண்களுக்கு நடுவே நிற்பான், மேலே மன்மதன் அம்பைத் தொடுத்திருப்பான். யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற தவிப்புதான் அதில் முதலில் தெரிவது. ஸ்மித் வரைந்ததில் ஆதாமும் ஏவாளும், மேலே ஒரு தேவதூதர். ஆண் பெண்ணைப் பார்க்கிறான், பெண் தேவதூதரைப் பார்க்கிறாள். பழைய கட்டு கையில் இருந்தால் அந்த நாள் ஒரு முடிவெடுக்கும் நாளாக இருக்கலாம், அது எந்த வேலைக்குச் சேர்வது என்ற முடிவாகவும் இருக்கலாம்.

கோப்பை இனம் முழுவதும் காதல்தான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் ஒப்ப மாட்டேன். கோப்பை எட்டில் ஒருவர் அடுக்கிய கோப்பைகளை விட்டுவிட்டு மலைப்பக்கம் நடந்து போகிறார். கோப்பை நான்கில் ஒருவன் மரத்தடியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான், மேகத்திலிருந்து ஒரு கை நீட்டும் கோப்பையைக்கூட அவன் பார்க்கவில்லை. இவை மனநிலைகள். அந்த மனநிலைக்குக் காரணம் காதல் என்று படத்தில் எதுவும் இல்லை.

சரி, தாராளமாகவே இருப்போம். 14 கோப்பைச் சீட்டுகளையும் காதலர்கள் சீட்டையும் சேர்த்துக் காதல் கணக்கில் வைத்துக்கொள்வோம். 78-க்கு 15, ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அப்படியென்றால் பத்து நாளில் இரண்டு நாள்தான் காதல் பக்கம் சீட்டு வரவேண்டும். பத்து நாளும் காதலைப் பற்றியே வருகிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், அது கட்டிலிருந்து வரவில்லை.

இங்கேதான் இன்னொரு பழக்கம் குறுக்கிடுகிறது. வந்த சீட்டு புரியவில்லை என்று, தெளிவுக்காக இரண்டாவது சீட்டு எடுப்பார்கள். அதுவும் பிடிக்கவில்லையா, மூன்றாவது. மேலே சொன்ன 15-இல் ஒன்று மூன்று சீட்டுகளுக்குள் வந்துவிட ஏறக்குறைய 48 சதவீத வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டுவதற்கு மிக அருகில். மூன்றாவதில் கோப்பை இரண்டு வந்ததும் முதல் இரண்டும் மறந்துபோகும், அவர் என்னை நினைக்கிறார் என்று மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் போன் வராதபோது அடையும் ஏமாற்றம் உண்மையானது, தேவையில்லாதது. கலைத்த கட்டிலிருந்து வரும் சீட்டு தற்செயலாக வருவது. இன்னொரு ஊரில் இருப்பவரின் மனதை அறிய அதற்கு வழியில்லை. அந்தப் படம் நம்மை எதை நினைக்க வைக்கிறது என்பதை மட்டுமே பார்க்க முடியும்.

ஒரு சீட்டு என்று முடிவு செய்தால் ஒன்றோடு நிறுத்தவேண்டும். புத்தகத்தைத் திறப்பதற்கு முன், படத்தில் எத்தனை பேர், யார் யாரைப் பார்க்கிறார்கள், கையில் என்ன என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. அதன் பிறகு ஓரத்தில் பொருளை எழுதலாம்: வேலை, வீடு, உடம்பு, காதல், அல்லது சொல்லவில்லை. வாள் மூன்று வந்த அந்தக் காலையில் ஓரத்தில் எழுதவேண்டியது சொல்லவில்லை என்பதுதான். ஒரு மாதம் கழித்து ஓரத்தில் காதல் என்று எழுதிய நாள்களை எண்ணிப் பார்க்கவேண்டும். ஐந்தாறு இருந்தால் கட்டின் கணக்கோடு ஒத்துப்போகிறது. இருபது இருந்தால், ஒரு சீட்டும் எடுக்காமலே அந்த நபரிடம் பேசவேண்டியது ஏதோ இருக்கிறது.